மூக்கெலும்பு காத்திருக்கும், ரத்தக்கட்டு காத்திருக்காது

மூக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எலும்பு உடைஞ்சிருக்கா டாக்டர்?" என்றுதான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் மூக்கெலும்பு முறிந்தே இருந்தாலும், பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்யத் தேவையில்லை. வீக்கம் வடிய நாலைந்து நாள் விட்டு, குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள்ளும் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் நிமிர்த்தி வைக்கலாம். அதே அடியில் மூக்கின் நடுச்சுவருக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் அவ்வளவு அவகாசம் கிடையாது. அதைக் கண்டுபிடித்த அன்றே வெளியேற்ற வேண்டும். எக்ஸ்ரேயில் அது தெரியவும் தெரியாது.

மருத்துவர்கள் இதை 'செப்டல் ஹீமட்டோமா' என்பார்கள். அடிக்கடி வருகிற கோளாறு அல்ல. மூக்கடிபட்டு காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இருக்கும். அபூர்வம் என்பதாலேயே, தேடிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

சுவருக்கும் உறைக்கும் நடுவே

இரண்டு மூக்குத் துவாரங்களையும் பிரிக்கிற நடுச்சுவருக்கு செப்டம் என்று பெயர். அதன் பின்பகுதி எலும்பு. விரலால் அசைத்தால் அசைகிற முன்பகுதி குருத்தெலும்பு. மூக்குத்தண்டின் மேல்பகுதியைத்தான் எலும்பு தாங்குகிறது. நடுப்பகுதியும் நுனியும் சரியாமல் நிற்பது, பந்தலுக்கு நடுக்கால் கொடுத்ததுபோல இந்தக் குருத்தெலும்பு உள்ளே நிற்பதால்தான்.

இந்தக் குருத்தெலும்புக்கு என்று தனியாக ரத்தக்குழாய் கிடையாது. அதன் இரண்டு பக்கத்திலும் மெல்லிய உறை ஒன்று ஒட்டியிருக்கிறது. உறைக்கு மேல் மூக்கின் ஈரமான உட்சவ்வு. ரத்தக்குழாய்கள் எல்லாம் இந்த உறையிலும் சவ்விலும்தான் ஓடுகின்றன. அங்கிருந்து கசிந்து வருகிற ஆக்ஸிஜனையும் சத்தையும் வைத்துத்தான் குருத்தெலும்பு உயிரோடு இருக்கிறது. உறை ஒட்டியிருக்கும்வரை கவலை இல்லை.

பலமான அடி விழும்போது குருத்தெலும்பு ஒரு பக்கம் வளைந்து, உறை அதிலிருந்து பிய்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிகின்றன. வெளிச்சவ்வும் கிழிந்தால் ரத்தம் மூக்கு வழியாகக் கொட்டிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அதில் ஒரு நன்மை உண்டு, ரத்தம் உள்ளே தேங்காது. சவ்வு கிழியாமல் உள்ளே மட்டும் ரத்தம் கசிந்தால் அதற்குப் போக வழி இல்லை. உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சேர்ந்து, உறையை மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போகிறது. குருத்தெலும்பு உடைந்தும் இருந்தால் ரத்தம் விரிசல் வழியாக மறுபக்கமும் போய் இரண்டு பக்கமும் கட்டிக்கொள்ளும். அப்போது குருத்தெலும்புக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் சத்து கிடைக்காது. தேங்கிய ரத்தத்தின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அது அழுக ஆரம்பித்துவிடலாம். குருத்தெலும்பு மறுபடி வளராது. உடம்பு அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் நிரப்பும். தழும்பு சுருங்கும், எதையும் தாங்காது.

குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவர்களுடைய மூக்கில் எலும்பைவிடக் குருத்தெலும்புதான் அதிகம். அடி விழுந்தால் அது உடையாமல் வளைந்து கொடுக்கும், உறை மட்டும் பிரிந்துவிடும். அதனால் எலும்பு முறிவே இல்லாமல், வெளியே பெரிய காயமும் இல்லாமல், கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டது போன்ற சாதாரண அடியிலும் ரத்தக்கட்டு வரலாம்.

ஒரு பையனின் நான்கு நாட்கள்

இது எப்படித் தவறிப்போகிறது என்று பார்க்க, பல குழந்தைகளுக்கு நடப்பதை ஒரே பையனுக்கு நடந்ததாக வைத்துக்கொள்வோம். எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை தெரு கிரிக்கெட்டில் பந்து மூக்கில் பட்டது. ஐந்து நிமிடம் ரத்தம் வந்து நின்றது. மூக்கின் மேல் வீக்கம். அப்பா பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இல்லை. வலி மாத்திரையும் ஐஸ் ஒத்தடமும் சொல்லி அனுப்பினார்கள். மூக்குக்குள் வெளிச்சம் அடித்து யாரும் பார்க்கவில்லை. ரத்தம் உறைந்து பொருக்குத் தட்டியிருந்தது, பையனும் கிட்டே விடாமல் அழுதான்.

திங்கட்கிழமை மேல்வீக்கம் கொஞ்சம் வற்றியது. ஆனால் பையன் வாயால் மூச்சு விட்டான், இரவில் குறட்டை. சளி என்று நினைத்து அம்மா மூக்கில் சொட்டு மருந்து விட்டார். அடைப்பு விடவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. மூக்குநுனியைத் தொட்டாலே கத்தினான். புதன்கிழமை காய்ச்சல், தலைவலி. வியாழக்கிழமை காலை காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனார்கள்.

"அன்னைக்கே ரத்தம் நின்னுடுச்சு டாக்டர். படத்துலயும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க. சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சோம்" என்றார் அம்மா.

"அடைப்பு அடிபட்ட உடனேயேவா, மறுநாள்தானாம்மா?" என்று கேட்டார் மருத்துவர்.

"மறுநாள்ல இருந்துதான். நாளுக்கு நாள் ஜாஸ்தியாகுது."

அந்த ஒரு பதிலே பாதி நோயைச் சொல்லிவிட்டது. அடிபட்ட வீக்கமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் குறைந்துவர வேண்டும். சளியாக இருந்தால் மூக்கு ஒழுகும், அடைப்பு பக்கம் மாறி மாறி வரும், சொட்டு மருந்துக்குக் கொஞ்சமாவது திறக்கும். அடிபட்டுச் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத் தொடங்கி, ஏறிக்கொண்டே போகிற அடைப்பு என்றால் நடுச்சுவரைப் பார்த்தே ஆக வேண்டும். பையனுக்குக் கூடவே காய்ச்சலும் வலியும் வந்துவிட்டதால், கட்டிய ரத்தத்தில் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்கும் என்பதையும் மருத்துவர் ஊகித்துவிட்டார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல வெளிச்சம், மூக்கை விரித்துப் பார்க்கிற சிறு கருவி, நுனியில் பஞ்சு சுற்றிய குச்சி, இவை போதும். முதலில் உறைந்த ரத்தத்தை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்வார்கள். இதைச் செய்யாமல் பார்த்தால் எதுவும் தெரியாது. பிறகு நடுச்சுவரைப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சுவர் தட்டையாக, இளஞ்சிவப்பாக இருக்கும். ரத்தம் கட்டியிருந்தால் அது கருஞ்சிவப்பாகவோ நீலம் பாரித்தோ துவாரத்துக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். சில நேரம் நிறம் மாறாமல் வெறும் புடைப்பு மட்டும் இருக்கும். அதனால் கண்ணால் பார்த்ததோடு விடாமல் பஞ்சுக்குச்சியால் மெல்ல அழுத்திப் பார்க்கிறார்கள். சாதாரண சுவர் கெட்டியாக எதிர்க்கும். ரத்தக்கட்டு மெத்தென்று அமுங்கும்.

இதைப் பிறவற்றோடு குழப்பிக்கொள்ளச் சாத்தியம் உண்டு. நடுச்சுவர் வளைந்திருந்தால் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும், அழுத்தினால் அமுங்காது. இரண்டு பக்கமும் ஒருசேரப் புடைத்திருந்தால் அது வளைவாக இருக்க முடியாது. மூக்கின் வெளிச்சுவரிலிருந்து தொங்குகிற சதை சளியிலும் ஒவ்வாமையிலும் வீங்கும். சவ்வைச் சுருக்கும் மருந்து போட்டால் அது சில நிமிடங்களில் சுருங்கிவிடும், ரத்தக்கட்டு சுருங்காது. அம்மா விட்ட சொட்டு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

முதல் நாள் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. ரத்தம் மெல்லக் கசிந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கட்டி தெரியவரலாம். மாரடைப்புக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கசிவு நீடிக்கும். மூக்கு நடுச்சுவரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது வரலாம். அதனால் அடிபட்ட 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை உள்ளே பார்ப்பது நல்ல வழக்கம். இன்னும் நடக்கக்கூடத் தொடங்காத கைக்குழந்தைக்கு, சரியான காரணம் சொல்லப்படாமல் இந்த ரத்தக்கட்டு இருந்தால், யாராவது அடித்திருக்கிறார்களா என்ற கேள்வியையும் மருத்துவர் எழுப்பியாக வேண்டும்.

வெளியேற்றுவது எப்படி

தானாகக் கரைந்துவிடும் என்று விட முடியாது. பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பதே வழக்கம். ஊசியால் உறிஞ்சினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சில மணி நேரத்திலேயே ரத்தம் உறைந்து கட்டியாகிவிடுவதால் ஊசி வழியாக முழுதும் வராது. எடுத்த பிறகும் மறுபடி சேரும். அதனால் புடைப்பின் மேல் சவ்வில் சிறு கீறல் போட்டு, உறைந்த ரத்தத்தை உறிஞ்சி, சலைன் நீரால் கழுவுகிறார்கள். இரண்டு பக்கமும் கட்டியிருந்தால் இரண்டு கீறல்களையும் நேர் எதிரெதிராகப் போட மாட்டார்கள். போட்டால் அந்த இடத்தில் சுவர் ஓட்டையாகிவிடக்கூடும்.

காலி செய்ததோடு வேலை முடியாது. பிரிந்த உறை மறுபடி குருத்தெலும்போடு ஒட்ட வேண்டும், இடையில் ரத்தம் சேரவும் கூடாது. அதற்காகத் திரும்ப வருகிற கசிவு வெளியேற ஒரு சிறிய ரப்பர் துண்டை வைப்பார்கள். இரண்டு துவாரங்களிலும் பஞ்சோ துணியோ திணித்து உறையைச் சுவரோடு அழுத்தி வைப்பார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கட்டியிருந்தாலும் இரண்டு பக்கமும்தான் திணிப்பார்கள், இல்லாவிட்டால் சுவர் மறுபக்கம் சாய்ந்துவிடும். இரண்டு உறைகளையும் குருத்தெலும்போடு சேர்த்து முன்னும் பின்னுமாகத் தையல் போட்டு ஒட்டவைக்கும் முறையும் உண்டு. திணித்தது இரண்டு மூன்று நாள் இருக்கும். அதுவரை வாயால்தான் மூச்சு. குழந்தை இரவில் பயந்து எழும் என்பதால் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. திணிப்பு இருக்கும்போது அதிகக் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமியின் நச்சு ரத்தத்தில் பரவியதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். கிருமிக்கொல்லி மருந்து கூடவே கொடுக்கப்படும். ரப்பர் துண்டும் திணிப்பும் எடுத்த பிறகும், ரத்தம் மறுபடி கட்டவில்லை என்று உறுதி செய்ய, சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

நம் பையனை ஞாயிறு இரவோ திங்கட்கிழமையோ பார்த்திருந்தால் இவ்வளவுதான் சிகிச்சை. வியாழக்கிழமை கீறியபோது ரத்தத்துக்குப் பதில் சீழ் வந்தது. சீழை ஆய்வுக்கு அனுப்பினார்கள். இத்தகைய சீழில் பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியே இருக்கும். அதைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆனால் உள்ளே குருத்தெலும்பின் நடுவே ஒரு பகுதி கரைந்துபோயிருந்தது. தேங்கிய ரத்தம் மெதுவாகச் செய்கிற சேதத்தை, சீழ் கிருமியின் நொதிகளோடு மிக விரைவாகச் செய்துவிடுகிறது.

தவறினால் என்ன ஆகும்

பின்விளைவுகள் இரண்டு வகை. ஒன்று உயிருக்கே ஆபத்து, ஆனால் அபூர்வம். மற்றொன்று உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடிக்கடி நேர்வது, வாழ்நாள் முழுதும் கூடவே இருப்பது.

முதலாவதைப் பார்ப்போம். மூக்கிலிருந்தும் மேல் உதட்டிலிருந்தும் வருகிற சிரைகள் கண்குழி வழியாக, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு பெரிய சிரைத்தேக்கத்தோடு தொடர்பு கொண்டவை. அவற்றில் ரத்தம் வெளிப்பக்கமாகவும் போகும், உட்பக்கமாகவும் போகும். மூக்கில் பிடித்த சீழின் கிருமி அந்த வழியாக மேலே ஏறினால், கண்ணைச் சுற்றி வீக்கம், மூளையுறை அழற்சி, மூளையில் சீழ்கட்டி, சிரைத்தேக்கத்தில் ரத்த உறைவு ஆகியவை வரலாம். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, கண் வெளியே துருத்துவது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நினைவு தடுமாறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஸ்கேன் உதவுவது இந்தக் கட்டத்தில்தான், முதல் நாளில் அல்ல.

இரண்டாவது, மூக்கு சரிவது. தாங்கி நின்ற குருத்தெலும்பு போனதும் எலும்புக்குக் கீழே மூக்குத்தண்டு உள்வாங்கிக் குழிகிறது. மருத்துவர்கள் இதைச் சேண மூக்கு என்பார்கள். இது ஒரே நாளில் நடப்பதில்லை. வீக்கம் வற்றி, உள்ளே தழும்பு சுருங்கச் சுருங்க, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வடிவம் மாறும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நன்றாக இருந்த மூக்கு ஆறு மாதத்தில் தாழ்ந்திருப்பதைப் பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் தெரியும். அழகு மட்டுமல்ல பிரச்சினை, உள்வழி குறுகி மூச்சும் தடைபடும். சுவரில் ஓட்டை விழுந்தாலோ அதன் ஓரத்தில் பொருக்குத் தட்டி அடிக்கடி ரத்தம் வரும். சிறிய ஓட்டையாக இருந்தால் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும்.

குழந்தைகளுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. நடுச்சுவரின் குருத்தெலும்பு தாங்குவதோடு நிற்காமல், வளரும் வயதில் மூக்கையும் மேல்தாடையையும் முன்னோக்கித் தள்ளி வளர்க்கவும் செய்கிறது. சின்ன வயதில் அது அழிந்தால் மூக்கு குட்டையாக, நுனி மேல்நோக்கியபடி நின்றுவிடும், முகத்தின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். எட்டு வயதில் நடந்த சேதத்தின் முழு அளவு பதினாறு வயதில்தான் தெரியும். அதனால் இத்தகைய குழந்தையை வளர்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும்.

போன குருத்தெலும்புக்குப் பதிலாகக் காதிலிருந்தோ விலா எலும்பின் நுனியிலிருந்தோ குருத்தெலும்பை எடுத்துச் செதுக்கி வைத்து மூக்கை நிமிர்த்துகிற அறுவை சிகிச்சை உண்டு. நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் மூக்கில் பெரிய திருத்தம் செய்தால் வளர்ச்சி மேலும் கெடலாம் என்பதால், முழுத் திருத்தத்தைப் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதிவரை தள்ளிவைக்கிறார்கள். அதற்கு முன்பே, சீழை வெளியேற்றும்போதே குருத்தெலும்புத் துண்டுகளை வைத்துத் தாங்கல் கொடுக்கிற முயற்சிகளும் உண்டு. எதுவானாலும் முதல் நாளில் ஒரு சிறு கீறலில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பத்தாண்டுக் கதையாகிவிடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

அடிபட்டு ரத்தம் வந்தால் உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அண்ணாந்து படுக்கவைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். ரத்தம் நின்ற பிறகு மூக்குநுனியை மெல்லத் தூக்கி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு துவாரங்களையும் பார்க்கலாம். நடுவிலிருந்து கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ எதுவும் புடைத்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றும் தெரியாததை வைத்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, வீட்டு வெளிச்சத்துக்கு எட்டாத இடம் உள்ளே நிறைய இருக்கிறது. குச்சியோ விரலோ விட்டுப் பார்க்க வேண்டாம். பஞ்சுக்குச்சிச் சோதனை மருத்துவர் செய்ய வேண்டியது. வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், அது ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், "உள்ளே நடுச்சுவர்ல ரத்தம் கட்டியிருக்கான்னு பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். பார்த்து இல்லை என்று சொன்னாலும், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மறுபடி காட்ட எப்போது வரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் அடைப்பு கூடினாலோ, மூக்குநுனி வலி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் கிளம்பிவிடுங்கள். அவசரப் பிரிவில் சீட்டு எழுதுகிறவரிடம் "மூக்கு அடைப்பு" என்று மட்டும் சொன்னால் சளிக்காரர்களோடு வரிசையில் உட்காரவைத்துவிடலாம். "இத்தனை நாளைக்கு முன்னாடி மூக்குல அடிபட்டது, அதுக்கப்புறம்தான் அடைப்பு" என்று சொல்லுங்கள். மூக்குக்குள் பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றுவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.